முகாம் நோட்டீஸில் விடுபடும் தேதி

செல்லப் பிராணிகளுக்கான வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நோட்டீஸ்கள் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டு தடவை கூட்டமாக வரும். ஜூலை முதல் வாரத்தில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு தடவை. இரண்டுக்கும் காரணம் லூயி பாஸ்டர்தான். வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் உருவாக்கிய தடுப்பூசி 1885 ஜூலை 6 அன்று போடத் தொடங்கப்பட்டது. அதனால் அந்த நாள் விலங்குவழி நோய்கள் தினம். பாஸ்டர் 1895 செப்டம்பர் 28 அன்று மறைந்தார். அந்த நாள் உலக வெறிநோய் தினம். அரசு கால்நடை மருத்துவமனையோ, மாநகராட்சியோ, தெருமுனையில் இருக்கும் தனியார் கிளினிக்கோ, யார் முகாம் நடத்தினாலும் பெரும்பாலும் இந்த இரண்டு நாள்களில் ஒன்றை ஒட்டித்தான் தேதி வைப்பார்கள்.

பிளக்ஸாக இருந்தாலும் வாட்ஸ்அப் படமாக இருந்தாலும் நோட்டீஸின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். மேலே சிறப்பு விருந்தினர்கள், நடுவில் பெரிய எழுத்தில் ‘இலவச’ என்ற சொல், அதன் கீழே தேதி, கடைசியில் ‘அனைவரும் பயன்பெறுக’. நாய் வைத்திருப்பவர் இதைப் பார்த்ததும் கேட்பவை வேறு கேள்விகள். எந்த ஊசி? இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுவரலாமா? போன வருஷத்து அட்டை தொலைந்துவிட்டது, பரவாயில்லையா? ஒரு ஊசி போதுமா, மறுபடி வர வேண்டுமா? இவற்றுக்கு விடை இல்லாமல் வரும் நோட்டீஸ் கூட்டத்தைச் சேர்த்துவிடும். ஆனால் வரக் கூடாத குட்டியை வரவழைக்கும். இரண்டாம் தடவை வரவேண்டிய நாயை வீட்டிலேயே இருக்க வைத்துவிடும். என் கணக்கில், ஒரு முகாம் நோட்டீஸில் மிக முக்கியமான தேதி பெரும்பாலான நோட்டீஸ்களில் அச்சிடப்படாத அந்த இரண்டாவது தேதிதான்.

முகாம் என்ற ஏற்பாட்டுக்கு இரண்டு எஜமானர்கள் உண்டு. ஒன்று ஊர், மற்றொன்று அந்த ஒரு நாய். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் நாய்க்கு நாய் தாவுவது நின்றுபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. நாய்களின் ஆயுள் குறைவு, குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்த ஆண்டு 70 இருந்தது அடுத்த ஆண்டு வெகுவாகக் குறைந்துவிடும். ஆண்டுதோறும் முகாம் வைப்பதற்கான காரணம் இதுதான். ஊரின் நோக்கில், ஒரே நாளில் எத்தனை நாய்க்கு ஊசி போட முடிகிறதோ அத்தனைக்கு நல்லது. அந்த ஒரு நாயின் நோக்கில் பார்த்தால், சரியான வயதில், சரியான ஊசி, சரியான இடைவெளியில் விழுந்ததா என்பதே கேள்வி. நோட்டீஸ் எழுதுபவர் எந்த எஜமானருக்காக எழுதுகிறோம் என்று தீர்மானிக்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இந்த வேறுபாடு வயது விஷயத்தில் நன்றாகத் தெரியும். வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை 12 வாரம் நிறைந்த பிறகுதான் போட வேண்டும் என்பது உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். நம் ஊர் மருத்துவர்கள் அதையே ‘மூணு மாசம்’ என்பார்கள். ஆனால் பெருந்திரள் முகாம்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு: மூன்று மாதம் ஆகாத குட்டிகளையும் விட்டுவிடாமல் போட வேண்டும். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். தெருவில் பிறந்த குட்டி மறுபடி கையில் அகப்படுமா என்பது தெரியாது. கிடைத்த அன்றே போட்டுவிடுவது ஊருக்கு லாபம். வீட்டுக் குட்டியைச் சொன்ன தேதியில் கொண்டுவர ஆள் இருக்கிறது. அதற்கு ஊசி முழுப் பலன் தரும் வயதுவரை காத்திருக்கலாம். எனவே செல்லப் பிராணி வளர்ப்பவர்களுக்கு எழுதும் நோட்டீஸில் மூன்று மாதம் என்ற வரம்பு இருக்கத்தான் வேண்டும். தெருநாய்களுக்கான பணியில் அதே வரம்பை வைத்துக்கொண்டு குட்டிகளைத் தவிர்ப்பது தவறு.

ஏன் காத்திருக்க வேண்டும்? குட்டி பிறந்ததும் தாயிடம் குடிக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கலந்து வருகின்றன. முதல் சில வாரங்களில் குட்டியைக் காப்பது இவைதான். இதே புரதங்கள் தடுப்பூசியையும் அடையாளம் கண்டு செயலிழக்க வைத்துவிடும். குட்டியின் உடல் தானாக எதிர்ப்பைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. தாய் தந்த புரதம் வாரம் செல்லச் செல்லக் குறையும். எந்த வாரத்தில் அது போதாத அளவுக்கு இறங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒரே ஈற்றில் பிறந்தவற்றில்கூட, நன்றாகச் சீம்பால் குடித்த குட்டிக்கும் ஓரமாகத் தள்ளப்பட்ட குட்டிக்கும் வேறுபாடு இருக்கும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறேழு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழும்படி மருத்துவர்கள் பார்த்துக்கொள்வது இதனால்தான். புரதம் இறங்கும் நேரம் தெரியாததால், வழியெங்கும் ஊசிகளை வைத்துப் பிடிக்கிறார்கள். ‘ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டாச்சே’ என்று பத்தாவது வாரத்தோடு நிறுத்திவிடுபவர்களின் குட்டிதான் பிறகு இரத்தக் கழிச்சலோடு கிளினிக்குக்கு வருகிறது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். முகாமுக்கு ஏற்றது வெறிநோய் ஊசி. கூட்டுத் தடுப்பூசி அல்ல. வெறிநோய் ஊசி கொல்லப்பட்ட வைரஸால் ஆனது, திரவமாகவே வரும், மூன்று மாதம் கடந்த எந்த நாய்க்கும் பூனைக்கும் ஒரே அளவு, ஒரு மில்லி. பத்து டோஸ் கொண்ட குப்பியிலும் கிடைக்கும். ‘செவன் இன் ஒன்’, ‘நைன் இன் ஒன்’ என்று கிளினிக்குகளில் சொல்லும் கூட்டு ஊசியில் உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ்கள் உலர்த்திய வில்லையாக இருக்கும். ஒவ்வொன்றும் தனிக் குப்பி. திரவம் கலந்தால் உடனே போட்டுவிட வேண்டும். இதுவரை எத்தனை போட்டிருக்கிறது, எப்போது போட்டது, வயதென்ன என்று ஒவ்வொரு குட்டிக்கும் தனியாகக் கணக்குப் பார்க்கவும் வேண்டும். வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது அது நடக்காது.

இன்னொரு காரணமும் உண்டு, அது இதைவிட வலுவானது. பார்வோ வைரஸ் நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் தங்கும். சாதாரண பினாயில் அதைக் கொல்லாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். ஊசி முழுமையடையாத குட்டிகளை இருபது முப்பது நாய்கள் நடந்த பள்ளி மைதானத்தில் இறக்கிவிடுவது, நோயைத் தடுக்கக் கூட்டிக்கொண்டு போய் நோயைக் கொடுப்பதாக முடியலாம். எனவே ‘எல்லாத் தடுப்பூசிகளும் ஒரே இடத்தில்’ என்று கவர்ச்சியாக எழுதும் நோட்டீஸ்களை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இனி ஒரு நோட்டீஸைக் கட்டிப் பார்ப்போம். காவிரிக் கரையிலுள்ள சிறு நகரம் ஒன்றில் ஒரு கால்நடை மருத்துவர், இரண்டு உதவியாளர்கள் கொண்ட கிளினிக் 2026இல் முகாம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். இடமும் தொகையும் கற்பனைதான், நாள்காட்டி நிஜம். செப்டம்பர் 28 திங்கட்கிழமை. நாயைப் பிடித்துக்கொண்டு வர வேண்டிய பெரியவர்கள் அன்று வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே முந்தைய நாள், 27ஆம் தேதி ஞாயிறு. முதல்முறை போடும் நாய்க்கு மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசி என்பது இங்குள்ள நடைமுறை. மூன்றாவது ஞாயிறு அக்டோபர் 18; மறுநாள் ஆயுத பூஜை, அதற்கு மறுநாள் விஜயதசமி. தொடர் விடுமுறையில் பாதி ஊர் வெளியூரில் இருக்கும், மீதிப் பேர் கடையையும் வண்டியையும் கழுவிக்கொண்டிருப்பார்கள். நான்காவது ஞாயிறு அக்டோபர் 25. தீபாவளி நவம்பர் 8 என்பதால் அதற்கு இரண்டு வாரம் முன்பே வேலை முடிந்துவிடும். வெடிச் சத்தத்தில் கட்டை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்கள் அப்போது ஊசி போட்டவையாக இருக்கும். ஒரே தொந்தரவு, வடகிழக்குப் பருவமழை அதற்குள் தொடங்கியிருக்கலாம். அதனால் திறந்த மைதானம் வேண்டாம், கூரை போட்ட இடம் வேண்டும்.

நோட்டீஸ் இப்படி அமையும்:

வெறிநோய்த் தடுப்பூசி முகாம்: வீட்டு நாய், பூனைகளுக்கு

முதல் நாள் 27.9.2026, ஞாயிறு. இரண்டாம் நாள் 25.10.2026, ஞாயிறு.
பூனைகள் காலை 7 முதல் 7.30 வரை. நாய்கள் 7.30 முதல் 10.30 வரை.

27.6.2026 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவை முதல் நாள் வரலாம். அதற்குப் பின் 25.7.2026 வரை பிறந்தவை இரண்டாம் நாள் வரவும்.
முதல் நாள் வரக்கூடியவற்றில் இதற்கு முன் ஊசியே போடாதவை, போட்டதற்கு அட்டை இல்லாதவை: இரண்டு நாளும் வர வேண்டும். ஆண்டுதோறும் போட்டு வருபவை: முதல் நாள் மட்டும் போதும்.

கட்டணம் ஓர் ஊசிக்கு 100 ரூபாய். மருந்து, சிரிஞ்சு, அட்டை எல்லாம் இதில் அடக்கம். பணம் இல்லாதவர்கள் டோக்கன் வாங்கும்போது சொல்லுங்கள், இலவசமாகப் போடப்படும்.

கொண்டுவர வேண்டியவை: பழைய தடுப்பூசி அட்டை, கழுத்துப்பட்டையும் கயிறும், கடிக்கும் நாய்க்கு வாய்க்கூடு, பூனைக்கு மூடிய கூடை, தண்ணீர். நாயைப் பிடிக்கப் பெரியவர் ஒருவர் வரவும்.

காய்ச்சல், வாந்தி, கழிச்சல் உள்ளவை, சாப்பிடாமல் இருப்பவை, கடந்த பத்து நாளில் யாரையாவது கடித்தவை, வேறு நாயிடம் கடிபட்டவை ஆகியவற்றை முகாமுக்குக் கொண்டுவர வேண்டாம். கிளினிக்குக்குப் போன் செய்யவும்.

பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகள் இந்த முகாமில் போடப்படமாட்டாது.

டோக்கன் 60 மட்டும். 25.9.2026 மாலைக்குள் கிளினிக்கில் பெற்றுக்கொள்ளவும்.

விருந்தினர் பெயர்களுக்கு இடமில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றால் தனியாக ஒரு பிளக்ஸ் அடித்துக்கொள்ளட்டும்.

வயதை மாதத்தில் சொல்லாமல் பிறந்த தேதியில் சொன்னதற்குக் காரணம், வீடுகளில் குட்டியின் வயது என்பது ஒரு தோராயம். ‘மூணு மாசம் இருக்கும் சார்’ என்று ஒரு குட்டி வரும். எடை பார்த்தால் எட்டு வாரம் போலிருக்கும். தேதியை எதிரே வைத்தால் மக்கள் நினைவைத் தோண்டுவார்கள்: ஆனி பிறந்த வாரம், பள்ளி திறந்த வாரம் என்று ஏதாவது அகப்படும்.

இந்த நோட்டீஸ் ஒரே தெருவில் மூன்று வீட்டுக்குப் போகிறது என்று கொள்வோம். முதல் வீட்டில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி, பிறந்தது ஜூலை 10. செப்டம்பர் 27 அன்று அதற்கு 79 நாள், அதாவது பதினொரு வாரமும் இரண்டு நாளும். வெறும் ‘அனைவரும் வருக’ நோட்டீஸாக இருந்தால் அது அன்றே வரிசையில் நின்றிருக்கும், சில நாள் முந்திப் போட்ட ஊசி அரைகுறையாகப் போயிருக்கலாம். இப்போது அது அக்டோபர் 25 அன்று வரும். அன்று அதற்குப் பதினைந்து வாரம் கடந்திருக்கும், நல்ல வயது. அதன் இரண்டாவது வெறிநோய் ஊசி நான்கு வாரம் கழித்து, நவம்பர் 22 ஞாயிறு. அன்று முகாம் இல்லை, ஆகவே அட்டையில் அந்தத் தேதியை எழுதி, கிளினிக்கிலேயே அதே நூறு ரூபாய்க்குப் போடப்படும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். இதோடு இதன் பார்வோ வரிசையின் கடைசி ஊசி 16 வாரம் நிறையும் அக்டோபர் 30க்கு முன் விழக் கூடாது. இந்த இரண்டு கணக்கையும் குட்டியின் சொந்தக்காரர் தானாகப் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முகாம் மேசையில் இருக்கும் உதவியாளரின் வேலை அது.

இரண்டாவது வீட்டில் நான்கு வயது நாட்டு நாய். போன ஆண்டு ஜூலையில் போட்டதாகச் சொல்கிறார்கள். அட்டை இருந்தால், முதல் தொடர் முழுமையாகப் போடப்பட்டு இப்போது இரண்டு மாதம் தாமதம் என்பது தெரியும். ஓர் ஊசி போதும், உடம்பு பழைய பாடத்தை உடனே நினைவுக்குக் கொண்டுவந்துவிடும். அட்டை இல்லையென்றால் மருத்துவர் அதைப் புதிய நாயாகத்தான் எடுத்துக்கொள்வார். இரண்டு நாளும் வர வேண்டும். ஒரு பழைய அட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் நூறு ரூபாயையும் மிச்சம் பிடிக்கிறது என்று சொன்னால் பீரோவுக்கு மேல் தேடிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது வீட்டில் ஒரு பூனை. பூனைக்கும் வெறிநோய் வரும், பூனை கடித்தும் மனிதருக்குப் பரவும் என்பது பலருக்குத் தெரியாது. நோட்டீஸின் தலைப்பிலேயே பூனை இருக்க வேண்டியதன் காரணம் இது. கையில் அணைத்துக்கொண்டு வரும் பூனை முதல் நாய் குரைத்ததும் நகத்தை இறக்கிவிட்டுத் தென்னை மரத்தில் ஏறிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை, மேலே ஒரு துண்டு, நாய்கள் வருமுன் அரை மணி நேரம்: இவ்வளவு போதும்.

இரண்டாவது ஊசி அவ்வளவு அவசியமா என்று கேட்கலாம். இதில் அறிஞர்களிடையேயும் ஒரே குரல் இல்லை. 12 வாரத்துக்குப் பின் ஒன்று, ஓராண்டில் மறுபடி ஒன்று என்பதே மேலே சொன்ன சங்கத்தின் அடிப்படை அட்டவணை. வெறிநோய் அதிகமுள்ள இடங்களில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இன்னொன்றையும் யோசிக்கலாம் என்று அதுவே சேர்த்துச் சொல்கிறது. முதல் ஊசியில் சில நாய்களுக்கு எதிர்ப்பு போதிய அளவு ஏறாமல் போவதுண்டு. தெருநாய்களோடு சுவர் பகிர்ந்து வாழும் நம் நாய்களுக்கு அந்த இடைவெளியை விட்டுவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் இரண்டாம் நாள் வர முடியாது என்பவரிடம் ‘அப்படியானால் முதல் ஊசியே வேண்டாம்’ என்று சொல்லும் பிடிவாதமும் கூடாது. ஒன்று போட்ட நாய், ஒன்றுமே போடாத நாயைவிட எவ்வளவோ மேல்.

கட்டணத்துக்கு வருவோம். இலவசம் என்றால் கூட்டம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வித்தியாசம் என்பதை ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் தலைநகர் இஞ்சமேனாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் கட்டணம் வாங்கி நடத்திய முகாமில் நாய்களில் நாலில் ஒரு பங்குக்குத்தான் ஊசி விழுந்தது. பின்னர் 2012-13இல் இலவசமாக நடத்தியபோது 70 விழுக்காட்டைத் தொட்டது. ஊர் என்ற எஜமானருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. அரசும் மாநகராட்சியும் நடத்தும் முகாம்கள் இலவசமாகத்தான் இருக்க வேண்டும்.

தனியார் கிளினிக்கின் நிலை வேறு. பத்து டோஸ் குப்பியின் ரப்பர் மூடியில் ஊசி குத்திய பிறகு அதை அன்றே தீர்த்துவிட வேண்டும். அறுபது டோக்கன் என்று வைத்தது ஆறு குப்பி என்ற கணக்கில்தான். 53 நாய் வந்தால் ஆறாவது குப்பியில் ஏழு டோஸ் கீழே போகும். எல்லாம் இலவசம், முன்பதிவும் இல்லை என்றால், குப்பி வீணாகும் அல்லது பாதி வரிசையில் மருந்து தீரும், இரண்டில் ஒன்று நடக்கும். டோக்கனின் பயன் அங்கேதான். அறுபது பிராணி, மூன்றரை மணி நேரம், ஒரே மருத்துவர் என்றால் தலைக்கு மூன்றரை நிமிடம். வெப்பம் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ஊசி போட்டு, அட்டையில் ஸ்டிக்கர் ஒட்ட அது சரியாக இருக்கும். டோக்கனிலேயே நேரத்தையும் எழுதிக் கொடுத்தால் லேப்ரடாரும் பக்கத்து வீட்டு ராஜபாளையமும் ஒரே மர நிழலில் ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியிராது.

நோட்டீஸில் தொகையைவிட, தொகைக்குள் என்ன அடக்கம் என்பதுதான் சண்டையைத் தடுக்கும். ‘ஊசி இலவசம்’ என்று போட்டுவிட்டு மேசையில் அட்டைக்கு இவ்வளவு, பதிவுக்கு இவ்வளவு என்று கேட்பதைவிட நூறு ரூபாய் என்று நேராக எழுதிவிடலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் சேரும். மாநகராட்சியிடம் வளர்ப்பு நாய்க்கு ஆண்டு உரிமம் எடுக்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அதற்கு முகாமில் கிடைப்பது கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றா, வெறும் அட்டையா என்பதை நோட்டீஸ் சொல்லிவிட வேண்டும்.

அட்டையில் ஒட்டும் அந்தச் சிறு ஸ்டிக்கரைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கும். பத்து டோஸ் குப்பியில் எல்லாருக்கும் ஸ்டிக்கர் கிடைக்காமல் போகலாம். அப்போது தொகுதி எண்ணைக் கையால் எழுத வேண்டும். எண் இல்லாத அட்டை, ஊசி போட்டதற்கு அரைச் சான்றுதான்.

சொந்தக்காரர்கள் முகாமில் கவனிக்க வேண்டிய இன்னொன்று மருந்துப் பெட்டி. தடுப்பூசி இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் மேசைமேல் வரிசையாக நிறுத்திய குப்பிகளைப் பார்த்தால் சந்தேகப்படலாம். அதேபோல் குப்பி நேரடியாகப் பனிக்கட்டியில் புதைந்து உறைந்து போனாலும் கெட்டதுதான். கொல்லப்பட்ட வைரஸ் ஊசிகளில் வீரியம் கூட்டச் சேர்க்கும் பொருள் உறைந்தால் திரிந்துவிடும். ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கைச் சற்று வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் நிலைக்கு வந்த பிறகு பெட்டியில் அடுக்குவது நல்ல உதவியாளரின் பழக்கம். ஒரு தடவையில் ஒரே குப்பி வெளியே, மற்றவை மூடிய பெட்டிக்குள். இதைப் பார்த்தாலே முகாமின் தரம் தெரிந்துவிடும்.

காலை பத்தரைக்கு முடிப்பதற்கு மருந்து மட்டும் காரணமல்ல. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். வெயிலில் நடந்து, மற்ற நாய்களைப் பார்த்துத் திமிறி வந்த நாய்க்கு நோய் இல்லாமலே 103 காட்டும். மருத்துவர் அதைக் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பவும் முடியாமல், சும்மா விடவும் முடியாமல் தவிப்பார். பத்து நிமிடம் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து மறுபடி பார்ப்பதே வழி. ‘தண்ணீர் கொண்டுவரவும்’ என்ற வரி அதற்காகத்தான். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் கடுமை.

குடற்புழு மருந்து கொடுத்த பிறகுதான் ஊசி என்று சில நோட்டீஸ்களில் கட்டாயம் போல எழுதுகிறார்கள். புழு நீக்குவது நல்லது, குட்டிகளுக்கு மிகவும் நல்லது. அதைக் கொடுக்க மறந்ததற்காக வெறிநோய் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. நிபந்தனை கூடக்கூட வராமல் நிற்பவர்கள் கூடுவார்கள்.

ஊசி போட்டதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஒவ்வாமை வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும்: முகமும் கண்ணைச் சுற்றியும் வீங்குதல், தோலில் தடிப்பு, திடீர் வாந்தி, ஈறு வெளுத்துத் தள்ளாடிச் சரிதல். கடைசியில் சொன்னது உயிராபத்து. மருத்துவர் அட்ரினலினைக் கையருகே வைத்திருப்பது அதற்குத்தான். அன்றும் மறுநாளும் கொஞ்சம் சோர்வு, ஊசி போட்ட இடத்தில் தொட்டால் வலி, சாப்பாட்டில் மந்தம் என்றால் பயம் வேண்டாம். பூனைக்கு ஊசி இடத்தில் கட்டி வந்தால் மட்டும் கணக்கு வேறு. மூன்று மாதத்துக்கு மேல் தங்கினாலோ, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானாலோ, ஒரு மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டிருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனைகளில் மிக அரிதாக அது புற்றாக மாறுவதுண்டு.

நோட்டீஸின் ‘வர வேண்டாம்’ பகுதியில் கடித்த நாயைச் சேர்த்திருப்பதைப் பலர் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நம் வீடுகளில் வழக்கம் நேர்மாறு. நாய் யாரையாவது கடித்ததும்தான் அதற்கு ஊசி போட்டுவிட வேண்டும் என்று ஓடுவார்கள். அந்த ஊசியால் கடிபட்டவருக்கு எந்தப் பயனும் இல்லை. நாயின் உடலில் நோய் ஏற்கெனவே இருந்தால் ஊசி அதைத் தடுக்காது. பல வாரம், சில வேளை பல மாதம் வெளியே தெரியாமல் இருந்துவிட்டுத்தான் அறிகுறி காட்டும். எச்சிலில் வைரஸ் வெளியேறத் தொடங்கிய நாயோ பூனையோ பத்து நாளுக்குள் நோய் முற்றி இறந்துவிடும் என்பதுதான் கண்காணிப்புக்கு அடிப்படை. அதனால் கடித்த நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும்: குரல் மாறுகிறதா, தாடை தொங்கி எச்சில் வழிகிறதா, பின்னங்கால் இழுக்கிறதா, கல்லையும் கட்டையையும் கடிக்கிறதா, ஆள் தெரியாமல் பாய்கிறதா என்று. அப்படிப்பட்ட நாயை அறுபது பேர் நிற்கும் வரிசைக்குக் கொண்டுவருவது வேறு ஆபத்து. தெருநாயிடம் கடிபட்ட வீட்டு நாய்க்கும் முகாமின் ஒற்றை ஊசி பொருந்தாது. பழைய தடுப்பூசி நிலவரத்தைப் பார்த்து, நாள் கணக்கில் தொடராகப் போட வேண்டிய ஊசிகள் உண்டு. அதற்குக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்.

முகாமால் எட்ட முடியாதவையும் இருக்கின்றன. கயிற்றில் வராத நாய், யாருடையது என்று சொல்ல முடியாமல் மூன்று வீட்டில் சோறு தின்னும் நாய், இவற்றுக்கு நோட்டீஸ் படித்துக் கூட்டி வர ஆளில்லை. தெருநாய்களுக்குக் கருத்தடையோடு சேர்த்து ஊசி போடுவதை 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் விட்டிருக்கின்றன. கோவாவில் வலையோடு தெருத்தெருவாகப் போய் ஆண்டுதோறும் ஊசி போட்டுத்தான் 2021இல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கிளினிக் வைத்திருப்பவர் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் தெருவில் சோறு போடுபவர், கழுத்தில் கயிறு போட விடும் அந்த நாயையும் அழைத்து வரலாம், அதற்குக் கட்டணம் இல்லை என்று ஒரு வரி சேர்க்க முடியும்.

அக்டோபர் 24 மாலை, பதிவேட்டில் உள்ள எண்களுக்கு ஒரு செய்தி போக வேண்டும்: ‘உங்கள் நாய்க்கு நாளை இரண்டாவது ஊசி, காலை 7.30க்கு மேல், மழை பெய்தாலும் முகாம் உண்டு, அட்டையை மறக்க வேண்டாம்.’ அதோடு இன்னொரு வரியும் சேர்க்கலாம். ஊசி முழுமையாகப் போட்ட நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது நாயின் அட்டையையும் எடுத்துப் போனால், அங்குள்ள மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை அதில் இருக்கும்.